8 பிட்டில் −22: ஆக்டலில் எழுதினால் 352-ஆ, 752-ஆ?

ஏற்காட்டு_மிளகு

வணக்கம். சேலத்தில் பி.சி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் கம்ப்யூட்டர் ஃபண்டமென்டல்ஸ் இன்டர்னல் தேர்வில் வந்த கேள்வி இது:

"ஹெக்ஸ் 2D-இலிருந்து ஆக்டல் 103-ஐ 8 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் கழித்து, விடையை ஆக்டலில் தருக." தெரிவுகள்: (அ) 352 (ஆ) 752 (இ) 722 (ஈ) −26.

விடைக்குறிப்பில் (அ) என்று போட்டிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் (ஆ) போட்டோம். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை இதே சண்டைதான். கணக்கு இதுவரை எல்லோருக்கும் ஒன்றுதான்:

```
2D         = 0010 1101
103 (8)    = 001 000 011  ->  0100 0011
NOT        = 1011 1100
+1         = 1011 1101

  0010 1101
+ 1011 1101
  ---------
  1110 1010
```

இதை மூன்று மூன்றாகப் பிரித்தால் வலப்பக்கம் 010, அடுத்து 101, மிச்சம் 11 மட்டும். எண் நெகட்டிவ். நெகட்டிவ் எண்ணை நீட்டும்போது இடப்பக்கம் 1-ஐத்தான் நிரப்ப வேண்டும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் 111 101 010, அதாவது 752 வர வேண்டும். 352 எப்படி?

---

ஐந்துரோடு_ரவுண்டானா

இரண்டு விடையும் தப்பு. 2D என்றால் 45. 45 − 103 = −58. 58-க்கு பைனரி 00111010, புரட்டி 1 கூட்டினால் 11000110, ஹெக்ஸில் C6, ஆக்டலில் 306. தெரிவுகளிலேயே இல்லை. கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் மார்க் போடச் சொல்லுங்கள்.

---

அம்மாபேட்டை_டியூஷன்

ரவுண்டானா, அந்த 103 ஆக்டல். கேள்வியில் எழுதியிருக்கிறது பாருங்கள். 1 × 64 + 0 + 3 = 67. ஆகவே 45 − 67 = −22. மிளகு போட்ட கணக்கு சரி. ஆனால் 103-ஐ 306-க்குக் கொண்டுபோன வழி சுத்தமாக இருக்கிறது. கேள்வியை மட்டும் இன்னொரு தடவை படித்திருக்கலாம்.

மிளகு, விடை 352தான். குறிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஏன் என்பதை டெர்மினல் சார் வந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

---

கன்னங்குறிச்சி_கோடர்

ஏன் ஏற்க வேண்டும்? மெஷினையே கேட்போம்.

```c
#include <stdio.h>
int main(void) {
    signed char x = -22;
    printf("%o\n", x);
}
```

வெளியீடு: `37777777752`. கடைசி மூன்று இலக்கம் 752. முன்னால் இருக்கும் 7 எல்லாம் நெகட்டிவ் குறி நீண்டு வந்தது, அதை வெட்டிவிடலாம். மிளகு சொல்வதுதான் சரி, விடைக்குறிப்பு தப்பு.

---

பழைய_டெர்மினல்

கோடர் தம்பி, அந்த வெளியீட்டில் கடைசி மூன்றைப் பார்த்தீர்கள். முதல் இலக்கத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் 3? எல்லாமே 7 ஆக இருந்திருக்க வேண்டாமா?

`printf`-க்குள் போகும்போது `signed char` தானாக `int` ஆகிவிடுகிறது. உங்கள் கணினியில் `int` 32 பிட். 8 பிட் −22 முதலில் 32 பிட் −22 ஆக அகலமாகிறது. அப்போது இடப்பக்கம் 24 ஒன்றுகள் சேர்கின்றன. அதன் பிறகுதான் ஆக்டலாக எழுதப்படுகிறது. 32-ஐ மூன்றால் வகுத்தால் 10 முழுக் கூட்டம், மிச்சம் 2 பிட். அந்த மிச்ச 2 பிட்டும் 11. அதை `printf` 3 என்றுதான் எழுதுகிறது, 7 என்று எழுதவில்லை. 33-ஆவது பிட் என்று ஒன்று கிடையாது, அதனால்.

உங்கள் புரோகிராமே மிளகுக்குப் பதில் சொல்லிவிட்டது. 32 பிட் எண்ணின் உச்சியில் 2 பிட் மிஞ்சினால் 3. 8 பிட் எண்ணின் உச்சியிலும் 2 பிட்தான் மிஞ்சுகிறது, அங்கேயும் 3. வெளியீட்டில் 752-இல் வரும் 7-க்குள் மூன்று பிட் இருக்கிறது. அதில் ஒன்று அகலமாக்கியபோது வந்த பிட், உங்கள் 8 பிட்டுக்குச் சொந்தமானதில்லை.

8 பிட்டாகவே அச்சிட வேண்டுமென்றால்:

```c
printf("%hho\n", x);
```

போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

கன்னங்குறிச்சி_கோடர்

`352` வருகிறது. சரி. ஆனால் மிளகு கேட்டதற்கு இது முழுப் பதில் இல்லையே சார். நெகட்டிவ் எண்ணை நீட்டினால் 1 நிரப்ப வேண்டும் என்பது விதிதானே? இங்கே அது ஏன் செல்லாது?

---

பழைய_டெர்மினல்

விதி செல்லும். ஆனால் இங்கே யாரும் எண்ணை நீட்டவில்லை.

இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 8 பிட் எண்ணை 16 பிட் ரெஜிஸ்டருக்குள் வைப்பது ஒரு வேலை. அங்கே புதிதாக எட்டுப் பிட் உண்மையிலேயே பிறக்கிறது. மதிப்பு மாறாமலிருக்கக் குறி பிட்டைப் படியெடுத்து அந்த இடங்களை நிரப்புகிறோம். நம் 1110 1010 ஹெக்ஸில் EA, அது FFEA ஆகிறது.

இருக்கிற எட்டுப் பிட்டை ஆக்டலில் எழுதிக் காட்டுவது வேறு வேலை. இங்கே புதுப் பிட் எதுவும் பிறப்பதில்லை. தாளில் 11-க்கு முன்னால் நாம் போடும் 0 வெறும் சௌகரியம். போடாமலேயே "11 என்றால் 3" என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் 1 போட்டால் ஒன்பதாவது பிட்டை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். 752-ஐத் திரும்ப பைனரி ஆக்குங்கள்: 111101010. எண்ணிப் பாருங்கள், ஒன்பது பிட். 9 பிட் கணினி என்று கேள்வி சொல்லியிருந்தால் 752 சரியான விடை. கேள்வி 8 பிட் என்றது.

பரீட்சைக்கு உபயோகமான ஒன்று சொல்கிறேன். 8 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய ஆக்டல் 377. முதல் இலக்கம் 3-ஐத் தாண்டவே முடியாது. ஆகவே 752, 722 இரண்டையும் கணக்குப் போடாமலேயே அடித்துவிடலாம். 722 எங்கிருந்து வந்தது என்றால், இடமிருந்து பிரித்திருக்கிறார்கள்: 111 010 10. கேள்வி எழுதியவர் ஒவ்வொரு தெரிவுக்குப் பின்னாலும் ஒரு குழியை யோசித்து வெட்டியிருக்கிறார்.

ஹெக்ஸில் இந்தச் சங்கடமே கிடையாது. 8, 16, 32, 64 எல்லாம் நான்கால் மீதியின்றி வகுபடும். ஆக்டல் பிறந்த காலத்தில் கணினி வார்த்தையின் அகலம் வேறு. PDP-8-க்கு 12 பிட். அதில் −1 என்றால் 7777, மிச்சமே இல்லை. 1964-இல் அறிவித்த ஐ.பி.எம். சிஸ்டம்/360 எட்டுப் பிட் பைட்டையும் ஹெக்ஸையும் ஊன்றிவிட்டது. ஆனால் PDP-11 16 பிட்டை வைத்துக்கொண்டு ஆக்டலிலேயே எழுதியது. அங்கே −1 என்பது 177777. உச்சியில் ஒரே ஒரு பிட் மிஞ்சுவதால் முதலில் 1. அந்தக் கையேடுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த 352 பழகிய விஷயம்.

---

ஏற்காட்டு_மிளகு

இப்போது விளங்குகிறது சார், நன்றி. (ஈ) −26 மட்டும் ஏன் தப்பு? 22-க்கு ஆக்டல் 26 தானே? என் தோழி பைத்தானில் `oct(-22)` போட்டாள், `-0o26` என்றே வந்தது.

---

அம்மாபேட்டை_டியூஷன்

பைத்தானில் முழு எண்ணுக்கு அகலம் என்று ஒன்று இல்லை மா. எத்தனை பிட் என்று தெரியாமல் டூஸ் காம்ப்ளிமென்ட் எழுத முடியாது, அதனால் அது மைனஸ் போட்டு அளவை மட்டும் காட்டுகிறது. 8 பிட் என்று நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்:

```python
oct(-22 & 0xFF)   # '0o352'
```

கணிதமாகப் பார்த்தால் −26 சரியான மதிப்பு. கேள்வி கேட்டது 8 பிட்டில் உட்கார்ந்திருக்கும் உருவத்தை. விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் பக்கம் போய் BYTE வைத்து −22 அடித்தாலும் OCT வரிசையில் 352 வரும். QWORD-இல் வைத்தால் 1-இல் தொடங்கி நீளமாக ஒரு 7 வரிசை ஓடும். பார்த்துப் பயப்பட வேண்டாம், 64 பிட்டில் ஒரு பிட்தான் மிஞ்சுகிறது.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சரிபார்ப்பு: விடையை ஹெக்ஸிலேயே திருப்பிப் பாருங்கள். FF − EA = 15, 1 கூட்டினால் 16. ஹெக்ஸ் 16 என்றால் 22. ஆகவே EA என்பது −22. பைனரியைப் புரட்ட வேண்டியதே இல்லை, அரை நிமிடம்.

---

கன்னங்குறிச்சி_கோடர்

ஆக்டலிலும் அதே மாதிரி 777-இலிருந்து கழித்துவிடலாம். ஹெக்ஸில் ஒவ்வொரு இலக்கத்தையும் F-இலிருந்து கழிக்கிறோம், இங்கே 7-இலிருந்து. 777 − 352 = 425, 1 கூட்டினால் 426. ... இது 278 என்று வருகிறதே?

---

அம்மாபேட்டை_டியூஷன்

வரத்தான் செய்யும். 777 என்பது ஒன்பது ஒன்றுகள். உங்களுக்கு வேண்டியது எட்டு ஒன்றுகள், 377.

377 − 352 = 25, 1 கூட்டினால் 26, அதாவது 22. முதல் இலக்கத்தை மட்டும் 3-இலிருந்து கழிக்க வேண்டும், மற்றவற்றை 7-இலிருந்து. தேர்வில் ஆக்டலில் தவறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள். தெரிவில் 426 என்று ஒன்று இருந்திருந்தால் இன்னும் சில பேர் விழுந்திருப்பார்கள்.

---

கொண்டலாம்பட்டி_வயர்மேன்

பரீட்சைக் கேள்விக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். "மைனஸ்" என்று பார்த்ததும் நிறுத்திவிட்டேன். ஒரு குளிர்பதனக் கிடங்கில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். புதிதாக ஒரு டிஸ்ப்ளே பேனல் மாட்டினோம். அறைக்குள் கையில் பிடிக்கும் தெர்மாமீட்டர் −18 காட்டுகிறது, பேனல் 65518 காட்டுகிறது. அறை 0-க்கு மேலே ஏறினால் பேனல் ஒழுங்காக 2, 3 என்று காட்டுகிறது. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று விற்றவர் சொல்கிறார். மாற்றவா?

---

பழைய_டெர்மினல்

மாற்றாதீர்கள். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, பேனல் தப்பாகப் படிக்கிறது.

65536 − 65518 = 18. கன்ட்ரோலர் −18-ஐ 16 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட்டில் அனுப்புகிறது, ஹெக்ஸில் FFEE. பேனல் அதைக் குறி இல்லாத எண்ணாக எடுத்துக்கொள்கிறது. பாசிட்டிவ் வெப்பநிலையில் இரண்டு வாசிப்பும் ஒன்றுதான், அதனால் 0-க்கு மேலே கோளாறு தெரியாது. பேனல் அமைப்பில் அந்த ரெஜிஸ்டருக்கு டேட்டா டைப் என்று ஒன்று இருக்கும். UINT16 அல்லது unsigned என்று இருப்பதை INT16 அல்லது signed என்று மாற்றிப் பாருங்கள்.

மிளகு, உங்கள் கேள்வியில் உள்ள அதே சங்கதிதான். பிட்டுகளுக்குள் மைனஸ் கிடையாது. எத்தனை பிட், குறி உண்டா இல்லையா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

ஏற்காட்டு_மிளகு

அதே தாளில் இன்னொரு கேள்வியும் சண்டையில் இருக்கிறது சார். "8 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட்டில் 6B + 3A-இன் விளைவு என்ன?" தெரிவுகள் 165, −91, ஓவர்ஃப்ளோ, 91. குறிப்பில் −91 என்று இருக்கிறது.

```
  0110 1011
+ 0011 1010
  ---------
  1010 0101
```

கேரி வெளியே வரவில்லை. கேரி வராவிட்டால் ஓவர்ஃப்ளோ இல்லைதானே? அப்படியானால் −91 சரியா?

---

ஐந்துரோடு_ரவுண்டானா

இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வருகிறேன். 107 + 58 = 165. இரண்டு பாசிட்டிவ் எண்ணைக் கூட்டி நெகட்டிவ் வந்தால் எந்தக் கடைக்காரர் ஒத்துக்கொள்வார்? ஓவர்ஃப்ளோதான் விடை.

---

பழைய_டெர்மினல்

ரவுண்டானா சொல்வது சரி, கேரியை வைத்து மிளகு எடுத்த முடிவு சரியில்லை. கேரியும் ஓவர்ஃப்ளோவும் வேறு வேறு கேள்விக்குப் பதில். எண்ணைக் குறி இல்லாமல் பார்த்தால் 8 பிட்டுக்குள் அடங்கியதா என்று கேரி சொல்லும். 165, 255-க்குள் அடங்கியது, கேரி இல்லை. குறியோடு பார்த்தால் −128 முதல் +127 வரைதான் இடம். 165 அதற்குள் அடங்கவில்லை, ஓவர்ஃப்ளோ.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். C8 + E0 கூட்டினால் 1A8, ஒரு கேரி வெளியே விழுகிறது. ஆனால் −56 உடன் −32 சேர்ந்தால் −88. A8 என்பது −88. கேரி உண்டு, ஓவர்ஃப்ளோ இல்லை, அந்தக் கேரியைத் தூக்கி எறிந்துவிட்டு விடையை எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணால் பிடிக்க வழி இருக்கிறது. ஹெக்ஸில் முதல் இலக்கம் 0 முதல் 7 வரை என்றால் பாசிட்டிவ், 8 முதல் F வரை என்றால் நெகட்டிவ். 6-உம் 3-உம் பாசிட்டிவ், விடையின் A நெகட்டிவ். கூட்டிய இரண்டும் ஒரே குறி, விடை மட்டும் வேறு குறி என்றால் ஓவர்ஃப்ளோ. கூட்டிய இரண்டும் வெவ்வேறு குறி என்றால் ஓவர்ஃப்ளோ வரவே வராது. உங்கள் முதல் கணக்கில் 2D-உம் BD-உம் அப்படித்தான், அதனால் அங்கே கவலையில்லை.

---

அம்மாபேட்டை_டியூஷன்

சார், ஆனால் −91-ஐ முழுக்கத் தள்ள முடியாது. "விளைவு என்ன" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ரெஜிஸ்டரில் மிஞ்சுவது A5, அதைக் குறியோடு படித்தால் −91 தானே. கேட்டவர் மனதில் அதுதான் இருந்திருக்கும். நான் தாள் திருத்தினாலும் குறிப்பை மாற்ற மாட்டேன்.

---

பழைய_டெர்மினல்

ஓவர்ஃப்ளோ என்று ஒரு தெரிவையும் கொடுத்துவிட்டு −91-ஐ மட்டும் சரி என்றால், ஓவர்ஃப்ளோ தெரிந்த பிள்ளைக்கு மார்க் போகிறது, தெரியாமல் பிட்டைப் படித்த பிள்ளைக்கு மார்க் வருகிறது. இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை டீச்சர். "ரெஜிஸ்டரில் மிஞ்சும் எண்" என்று கேட்டிருந்தால் −91-க்கு வாதமில்லை.

---

அம்மாபேட்டை_டியூஷன்

இரண்டுக்கும் மார்க் கொடுக்கலாம் என்று வேண்டுமானால் சொல்வேன். 752-க்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

---

கன்னங்குறிச்சி_கோடர்

752-க்கு அரை மார்க் கூட இல்லையா? கழித்தல் முழுதும் சரியாக வந்திருக்கிறதே.

---

அம்மாபேட்டை_டியூஷன்

விரிவாக எழுதும் தாளாக இருந்தால் 11101010 வரை வந்ததற்கு நிச்சயம் உண்டு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் எங்கே அரை மார்க் தேடுவது?

---

கொண்டலாம்பட்டி_வயர்மேன்

சார், INT16 வைத்தேன், −18 என்று வந்துவிட்டது. ரொம்ப நன்றி. இரண்டாவது அறையின் ரெஜிஸ்டரையும் அதே மாதிரி மாற்றினேன். முன்பு 32768 காட்டியது, இப்போது −32768 காட்டுகிறது. எந்த நேரமும் அதே எண், அசையவில்லை. இதிலும் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

---

பழைய_டெர்மினல்

இது வேறு கதை. ஹெக்ஸில் 8000, 16 பிட்டில் இருக்கும் மிகச் சிறிய எண். இதற்கு நேரான பாசிட்டிவ் எண் அந்த அகலத்தில் கிடையாது. புரட்டி 1 கூட்டினால் மறுபடி 8000தான் வரும். (மிளகு, 8 பிட்டில் 80 போட்டுப் பாருங்கள். 7F, கூட்டல் 1, மறுபடி 80. தேர்வில் கேட்க ஆசைப்படுவார்கள்.)

நிஜ வெப்பநிலையாக வரவே முடியாத எண் என்பதால், சில கருவிகளில் சென்சார் கம்பி அறுந்தாலோ கழன்றாலோ இதைப் பிழை அடையாளமாக வைப்பதுண்டு. எல்லா மாடலிலும் அப்படி இல்லை. உங்கள் கன்ட்ரோலர் கையேட்டில் பிழைக் குறிப்புப் பக்கத்தைப் பாருங்கள். அதற்கு முன் இரண்டாவது அறையின் சென்சார் முனைகளை மெயினை அணைத்துவிட்டு ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

---

ஐந்துரோடு_ரவுண்டானா

80-ஐ ஆக்டலில் எழுதினால் 200. முதல் இலக்கம் 2, மூன்றுக்குள் அடங்கிவிட்டது. இந்தத் தடவை கேள்வியைச் சரியாகப் படித்தேனா டீச்சர்?

---

அம்மாபேட்டை_டியூஷன்

படித்தீர்கள். இப்போது −128-இலிருந்து 1-ஐ 8 பிட்டில் கழித்து, விடையை ஆக்டலில் போடுங்கள். கேரியையும் ஓவர்ஃப்ளோவையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

---

ஏற்காட்டு_மிளகு

நான் போடுகிறேன். 80 + FF = 17F. கேரி விழுகிறது, 7F மிஞ்சுகிறது. இரண்டும் நெகட்டிவ், விடை பாசிட்டிவ், ஓவர்ஃப்ளோவும் உண்டு. ஆக்டலில் 01 111 111, ஆகவே 177.